வேல் நுழையும் வாய்

மஸ்ஜித் தானா டவுனில் ஒரு கடைக்கு அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டு, வெயில் தாங்காமல் ஐஸ் போட்ட தேநீர் ஒன்று வாங்கினேன். ஒரு வாய்தான் உறிஞ்சியிருப்பேன். கீழ்வரிசை முன்பல்லில் யாரோ சுடச்சுடக் கம்பியை விட்டுத் திருகியதுபோல் இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்பத்தெட்டு வயது லாரிக்காரன், பெண்கள் குவே பலகாரம் வாங்க வரிசையாய் நிற்கும் கடை வாசலில், தாடையைப் பிடித்துக்கொண்டு குதித்தால் பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கு வலியைவிட அந்த வெட்கம்தான் பெரிதாக இருந்தது.

லாரிக் கண்ணாடியில் உதட்டை இறக்கிப் பார்த்தேன். அந்த ஒரு பல் மட்டும் பக்கத்துப் பற்களைவிட நீளமாக இருந்தது. இந்த வயதில் பல் வளருமா? என் மூளைக்கு எட்டியது அவ்வளவுதான். புக்கிட் பெருவாங்கில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் மனைவி மலர்க்கொடியிடம் காட்டினேன்.

"பல்லு வளரலங்க. ஈறு எறங்கிருக்கு. கிளினிக் போங்க" என்றாள்.

அவள் தம்பி விமலன் அன்று சாப்பிட வந்திருந்தான். ஆயர் கெரோவில் ஆபீஸ் வேலை. கையில் போன் இருந்தால் அவனுக்குத் தெரியாத வைத்தியம் கிடையாது. என் வாயைக் கூட எட்டிப் பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"வருஷா வருஷம் வாயில கம்பிய விட்டா ஈறு போகாம என்னா செய்யும், மச்சான்? வேல் குத்துறத விடுங்கலா. விட்டா தானா சரியாயிடும்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. வேல் குத்துவதை அவ்வளவு லேசாக விட முடியாது.

மலர்க்கொடிக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்து, ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் நிற்காமல் கிடந்தாள். ஆஸ்பத்திரி நடையில் நின்றுகொண்டு முருகனிடம் பேசினேன். இவளை எழுப்பி நடக்கவிடு, உயிருள்ளவரை மாசி மகத்துக்கு மாசி மகம் வாயில் வேல் போட்டுக்கொண்டு வருகிறேன் என்றேன். அவள் எழுந்தாள், நடந்தாள், இன்றைக்கு என்னையே அதட்டுகிறாள். நானும் சொன்ன சொல் தவறவில்லை. ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வெளியே வரும் வேலோடு ஒவ்வொரு மாசி மகத்திலும் நடந்தேன். நிறுத்தினால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். இந்தப் பயத்தை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னாலே நடந்துவிடுமோ என்று இன்னொரு பயம்.

அதனால் கிளினிக் போவதற்கு முன்பே ஒரு முடிவு எடுத்தேன். பல்லைக் காட்டுவது, வேல் குத்துவதைப் பற்றி வாயைத் திறக்காமல் இருப்பது.

டாக்டர் ஷாந்தினி சின்னப் பெண். அப்பா அம்மா சுங்கை ரம்பாய் பக்கம் எஸ்டேட்டில் இருந்தவர்களாம். நாற்காலியைச் சாய்த்ததும் நான் இரண்டு கைப்பிடியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் ஒண்ணுமே செய்யல, அங்கிள்" என்றாள்.

"தெரியும். செய்யறதுக்கு முன்னாடியே புடிச்சுக்கறேன்."

மெல்லிய அளவுகோல் ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு ஒவ்வொரு பல்லாக அளந்தாள். பிறகு கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தாள்.

"பல்லுக்கு மேல எனாமல்னு கெட்டியான ஓடு இருக்கு. வேருக்கு அது கெடையாது. ஈறுதான் வேருக்குப் போர்வை. அது எறங்கிட்டா, ஜில்லுனு எது பட்டாலும் நேரா நரம்புக்குப் போயிடும். அதான் அந்த வலி."

"திரும்ப வளந்துடுமா?"

"தானா வளராது அங்கிள். இதுக்கு மேல எறங்காம நிறுத்தலாம். அதுக்கு ஏன் எறங்குச்சுனு தெரியணும்."

கேள்விகள் ஆரம்பித்தன. சிகரெட்? இல்லை. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதுண்டா? மலர்க்கொடி சொன்னதில்லை. சர்க்கரை? இல்லை. வெற்றிலை? எப்போதாவது கல்யாண வீட்டில்.

"ஈறு நோய்னா பல்லச் சுத்தி அழுக்கு கல்லா கட்டியிருக்கும், உள்ள பள்ளம் விழுந்திருக்கும். உங்களுக்கு அப்படி இல்ல. உங்க வாய் ரொம்ப சுத்தமா இருக்கு" என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. உடனே குழப்பமாகவும் இருந்தது. சுத்தமாக இருக்கிற வாயில் ஈறு ஏன் போக வேண்டும்? அழுக்கு வாய்க்காரன் மருதமுத்து எங்கள் லாரி கம்பெனியில் இருக்கிறான். பல்லெல்லாம் மஞ்சள். ஐஸைக் கடித்துத் தின்கிறான்.

"உதட்டுல, நாக்குல, கன்னத்துல எங்கயாச்சும் குத்தியிருக்கீங்களா? வளையம், கம்மல் மாதிரி?"

"இல்ல" என்றேன். தாடி இருந்ததால் தழும்பு தெரியவில்லை.

அவள் நெற்றியைச் சுருக்கினாள். அந்த முன்பல் வரிசையை விட்டுக் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கிறது, அங்கே ஈறு பிறவியிலேயே மெல்லிசு, அது ஒரு காரணம் என்றாள். ஆனால் இடது பக்கக் கோரைப்பல்லிலும் அதற்கு அடுத்ததிலும்கூட இறங்கியிருக்கிறது, அந்தப் பற்களின் கழுத்தில் கோடாரி போட்டதுபோல் வெட்டு விழுந்திருக்கிறது, அதற்கு இது பதில் இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். டாக்டரையே குழப்பிவிட்ட திருப்தியில் நான் வாயை மூடிக்கொண்டு கிடந்தேன்.

வேர்களின் மேல் ஃபுளோரைடு பூசினாள். கூச்சத்துக்கென்று இருக்கும் பற்பசை ஒன்றைச் சொன்னாள். தேய்த்த பிறகு கொப்பளிக்காமல் துப்பிவிட வேண்டும், படுக்கும்போது விரலில் எடுத்து வேரில் தடவ வேண்டும், ஒரே நாளில் கேட்காது, சில வாரம் பிடிக்கும் என்றாள்.

"மெதுவான பெரஸ் வாங்கிக்குங்க. அடுத்த வாட்டி வரும்போது இப்ப தேய்க்கிற பெரஸையும் கொண்டு வாங்க."

பிரஷைப் பார்த்து என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. மறந்தும் போனேன்.

பற்பசை கொஞ்சம் கேட்டது. தண்ணீர் குடித்தால் முன்போல் குதிக்கவில்லை. இதற்குள் மாசி மகத்து விரதம் தொடங்கிவிட்டது. விரதம் என்றால் எனக்கு முதல் வேலை வாய்தான். முருகனுடைய வேல் நுழைகிற வாய் அது. மச்சம் மாமிசம் தொட்ட வாசனை ஒரு துளி இருக்கக்கூடாது. அதனால் காலையில் ஒரு தரம், பூஜைக்கு முன் ஒரு தரம், வேலை முடிந்து வந்து ஒரு தரம், படுக்கும் முன் ஒரு தரம். உப்பும் இடித்த கரியும் கலந்து, கடையில் இருப்பதிலேயே முரட்டு பிரஷால், பல்லில் கீச்சென்று சத்தம் கேட்கும்வரை தேய்ப்பேன். சத்தம் வந்தால்தான் சுத்தம். எஸ்டேட்டில் இருந்த காலத்திலிருந்தே எனக்கு இப்படித்தான். ரத்தம் வந்தால் கெட்ட ரத்தம் போகிறது என்று கொப்பளித்துவிடுவேன்.

இந்த வருஷம் பல்லில் கோளாறு வேறு. எங்கேயோ அழுக்கு இருப்பதால்தான் இப்படி என்று இன்னும் அழுத்தித் தேய்த்தேன். வலி திரும்ப வந்தது. முன்பைவிட மோசமாக வந்தது.

இரண்டாவது தடவை மலர்க்கொடியும் கிளினிக்குக் கூட வந்தாள். நான் வேண்டாம் என்றேன். அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு முதலில் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

ஷாந்தினி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"புதுசா ஒராஞ்ச புண்ணு இருக்கே, அங்கிள். என்னா செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலியே."

"வேல் குத்துறதால இருக்குமா டாக்டர்?" என்று மலர்க்கொடி கேட்டாள். "என் தம்பி அப்படித்தான் சொல்றான். இவரு சொல்லியிருப்பாரே, வருஷா வருஷம் மாசி மகத்துக்குக் கன்னத்துல வேல் குத்துறது?"

நான் மேலே இருந்த விளக்கைப் பார்த்தேன்.

"சொல்லலியே" என்றாள் ஷாந்தினி. கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகக்கவசத்துக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. தாடியை விலக்கித் தழும்பைத் தடவிப் பார்த்தாள். வேல் எந்தப் பல்லுக்கு நேராகப் போகும், எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டாள். சொல்லப் போகிறாள், நிறுத்து என்று சொல்லப் போகிறாள் என்று மறுபடி கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டேன்.

"தெனமும் உதட்டுல வளையம் போட்டு, அது ஈறுல ஒரசிகிட்டே இருந்தா ஈறு போகும். அதான் கேட்டேன். வருஷத்துல ஒரு நாள், அதுவும் பின்பக்கமா போற வேல் இந்த முன்பல்லு ஈற எறக்காது அங்கிள். சரி, வெரதத்துல வாய எப்படி சுத்தம் செய்வீங்க?"

இதைக் கேட்டாளே என்று எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். மலர்க்கொடி பைக்குள்ளிருந்து பிளாஸ்டிக்கில் சுற்றிய என் பிரஷை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் கொண்டு வரச் சொன்னதாக அன்று வீட்டில் நான் சொன்னது அவளுக்கு நினைவிருந்திருக்கிறது. தும்பெல்லாம் நாலாபக்கமும் மடங்கித் தேங்காய் மட்டைபோல் இருந்தது.

"கண்ணாடியப் பார்த்து, பல்லுல படாம வெளிய வச்சு, எப்படி தேய்ப்பீங்கனு காட்டுங்க."

காட்டினேன். வலது கை முழு வேகத்தில் இடது கோரைப்பல்லுக்கு நேராகப் போனது, வந்தது, போனது. அவள் அந்த வெட்டு விழுந்த பற்களைக் கண்ணாடியில் விரலால் காட்டினாள். என் கை எங்கே அதிகம் அழுத்துகிறதோ, சரியாக அங்கேதான் ஈறு இல்லை.

"வேல் இல்ல அங்கிள். பெரஸ்தான். அதோட உப்பு, கரி. மெல்லிசு ஈறு தாங்கல."

இதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. முருகனுக்காகத் தேய்த்ததுதான் கெடுத்தது என்றால், நான் யார் மேல் கோபப்படுவது? குத்தினால் கெடவில்லை, கழுவினால் கெட்டது என்று ஒரு கணக்கு உண்டா? ஒன்றும் புரியாமல் பிரஷையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷாந்தினி புது மெல்லிய பிரஷ் ஒன்றை என் நகத்தின் மேல் வைத்து, எவ்வளவு அழுத்தினால் போதும் என்று காட்டினாள். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்த்து வைத்து, சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். நாளைக்கு இரண்டு தரம், அவ்வளவுதான். எனக்குப் பூனை நக்கியதுபோல் இருந்தது. வெட்டு விழுந்த பற்களுக்குப் பல் நிறத்திலேயே அடைத்துவிடலாம், கூச்சம் குறையும் என்றாள். பிறகு அந்த முன்பல்லுக்கு வந்தாள்.

"இதுக்கு மட்டும் ஈறு ஒட்டு வைக்கலாம். இங்க பல்லச் சுத்தி கெட்டி ஈறே மிச்சம் இல்ல. மேல்வாய்லேர்ந்து, உங்க அண்ணத்துலேர்ந்து, கொஞ்சம் சதை எடுத்து இங்க வச்சு தைப்பாங்க. மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வாங்க."

"என் வாய்லேர்ந்தே எடுத்து என் வாய்லயா?"

"ஆமா. அதான் நல்லா ஒட்டும். பன்னி, மாட்டுலேர்ந்து செஞ்ச மெட்டீரியலும் இருக்கு. எல்லார்கிட்டயும் கேட்டுத்தான் வைப்பாங்க."

"ஐயோ வேணாம்!" என்று மலர்க்கொடி அலறினாள். "வெரதம்!"

"வேர் முழுசா மூடிடுமா?" என்று கேட்டேன்.

"கேரன்டி இல்ல. சில பேருக்கு முழுசா மூடும், சில பேருக்குக் கொஞ்சம். ஆனா கெட்டி ஈறு வந்துட்டா மேல எறங்குறது நிக்கும்."

அப்புறம்தான் அந்தச் சங்கதியைச் சொன்னாள். ஈறு நிபுணரிடம் ஒருவர் வரவில்லை என்று சொல்லிவிட்டதால் அடுத்த வாரம் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அதைவிட்டால் மறுபடி கிடைக்க பல மாதம் ஆகும். ஒட்டு வைத்தால் மாசி மகத்துக்குள் மேலாக ஆறியிருக்கும், ஆனால் வேல் குத்திக் கன்னமும் உதடும் மணிக்கணக்காக இழுபடும் அளவுக்கு உறுதியாகியிருக்காது.

"இந்த வருஷம் வேல் வேணாம்னு சொல்வேன். இல்லேன்னா ஒட்டு அப்புறம் வச்சுக்கலாம், இது எமர்ஜென்சி இல்ல. மெதுவா தேய்ச்சா இப்படியே நிக்கவும் செய்யலாம், மேல எறங்கவும் செய்யலாம். நான் அளந்து பார்த்துகிட்டே இருப்பேன். முடிவு உங்களோடது."

முடிவு உங்களோடது என்று சொல்லிவிடுவது டாக்டர்களுக்கு எவ்வளவு வசதி! எனக்கு எரிச்சலாக வந்தது. செய் என்றாலும் செய்வேன், வேண்டாம் என்றாலும் கேட்பேன். நிக்கலாம், எறங்கலாம், மூடலாம், மூடாமலும் போகலாம் என்றால் ஒரு லாரிக்காரன் எந்தப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்புவான்?

வீட்டுக்கு வந்ததும், ஒட்டு வேண்டாம், வேல்தான் என்று சொல்லிவிட்டேன்.

"பல்லு போனா?" என்றாள் மலர்க்கொடி.

"போவட்டும்."

"ஏங்க, ஒரு வருஷம்தானே? பால்குடம் எடுங்க. அடுத்த வருஷம் வேல் குத்துங்க."

"முடியாது."

"ஏன் முடியாது?"

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு எதிரே உட்கார்ந்தாள்.

"நிறுத்துனா நான் செத்துடுவேன்னு பயமா?"

"ஆமா" என்றேன். சொன்னதும் அழுதுவிட்டேன். இவ்வளவு நாள் பூட்டி வைத்த சொல் ஒரே ஒரு கேள்விக்கு வெளியே வந்துவிட்டது. அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்காக நேந்துகிட்டது. நானே சாமிகிட்ட தவணை கேக்கறேன்" என்றாள்.

குளித்துவிட்டு வந்து ஒரு துண்டு வெள்ளைத் துணியை மஞ்சளில் நனைத்தாள். அதில் ஒரு காசை வைத்து முடிந்தாள். நேர்ந்ததைத் தள்ளிப்போடும்போது எங்களில் செய்கிற வழக்கம் அது. சாமி படத்துக்கு முன்னால் வைத்து, "இவர் வாய் ஆறட்டும்பா, அடுத்த வருஷம் வருவாரு" என்று சத்தமாகவே சொன்னாள். கடைக்காரனிடம் பேசுவதுபோலப் பேசினாள். எனக்குத் திக்கென்று இருந்தது. ஆனாலும் போனை எடுத்து ஷாந்தினியிடம் அந்த இடத்தைப் பிடித்து வைக்கச் சொன்னேன்.

ஒட்டு வைக்கிற அன்று நான் நடுங்கிய நடுக்கத்தை என்ன சொல்வது? கன்னம் இரண்டிலும் வேல் வாங்குகிறவன் ஒரு மெல்லிய ஊசிக்கு நடுங்கினேன். அங்கே உறுமி இருக்கும், உடுக்கை இருக்கும், சுற்றி நூறு பேர் கத்துவார்கள். இங்கே சத்தமில்லாத அறை, பச்சைத் துணி, நிபுணரம்மாவின் மெதுவான மலாய்ப் பேச்சு. ஊசி ஏறியபோது மட்டும் சுருக்கென்றது. அப்புறம் இழுப்பது தெரிந்தது, அழுத்துவது தெரிந்தது, வலி இல்லை. அண்ணத்தில் எடுத்ததை உள்ளே வைத்துத் தைத்தார்கள்.

வலியெல்லாம் அண்ணத்தில்தான். சூடான பீட்ஸாவைக் கடித்துச் சுட்டுக்கொண்டதுபோல் சில நாள் இருந்தது. ஆறிய கஞ்சி குடித்தேன். அந்த இடத்தில் பிரஷ் படக்கூடாது, மருந்துத் தண்ணீரால் மெதுவாகக் கொப்பளிக்க மட்டும்தான். உதட்டை இழுத்துப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதுதான் பெரிய கஷ்டம். ஒட்டு பிடித்ததா இல்லையா என்று தெரியாமல் கண்ணாடி முன்னால் போய்ப் போய் நிற்பேன். மலர்க்கொடி பின்னாலிருந்து "கை!" என்பாள். தையல் பிரித்தபோது நிபுணரம்மா "பாகுஸ்" என்றார். நன்றாக இருக்கிறதாம். வேர் முழுவதும் மூடவில்லை, முக்கால்வாசி மூடியிருந்தது. எனக்கு அது நல்லதா கெட்டதா என்றே தெரியவில்லை. ஷாந்தினி நல்லது என்றாள். சரி, நல்லது.

மாசி மகத்தன்று பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். மலர்க்கொடி பக்கத்தில் வந்தாள். கன்னத்தில் ஒன்றும் இல்லாமல் அந்தச் சாலையில் நடப்பது துணியில்லாமல் நடப்பதுபோல் கூச்சமாக இருந்தது. முன்னால் வேல் போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கத் தைரியமில்லை. முருகன் கோபமாக இருக்கிறானா, இல்லையா, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூட்டம் "வேல் வேல்" என்று கத்தியது. என்னை அறியாமல் நானும் "வேல் வேல்" என்று கத்திவிட்டேன்.

மலர்க்கொடி சட்டென்று நின்றுவிட்டாள். திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் முகம் கோணியது.

"என்னா மலரு?"

"இத்தன வருஷமா இந்த ரோட்ல ஒங்க பக்கத்துலயே நடக்கறேன். ஒரு வார்த்த பேசியிருக்கீங்களா? வாயில கம்பிய வச்சுகிட்டு வருவீங்க. மயங்கிடுவாரா, விழுந்துடுவாரா, இவருக்கு ஏதாச்சும் ஆனா நான் என்னா செய்வேன்னு ஒங்க மூஞ்சியப் பார்த்து பார்த்தே நடப்பேன். நான் பொழைக்கணும்னு நேந்துகிட்டீங்க. ஒவ்வொரு மாசி மகத்துக்கும் நான் செத்து செத்துத்தான் பொழச்சேன்."

பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். தார் வெயிலில் கொதித்தது. அவள் வெறுங்காலோடு நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் வந்திருக்கிறாள்.

"கால் சுடுதா?" என்று கேட்டேன்.

"சுடுது" என்றாள்.